ஸ்லிதர்லிங்க்: மூலையில் 0, மூலையில் 3. முதல் கோடு எங்கே விழும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதிகளை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

சதுரக் கட்டங்களின் மூலைகளில் புள்ளிகள் இருக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, முடிவில் ஒரே ஒரு மூடிய வளையம் வர வேண்டும். வளையம் தன்னையே வெட்டக்கூடாது, கிளை பிரியக்கூடாது, நடுவில் அறுந்தும் நிற்கக்கூடாது. கட்டத்துக்குள் ஓர் எண் இருந்தால், அந்தக் கட்டத்தின் நான்கு பக்கங்களில் அத்தனை பக்கங்களில் கோடு இருக்கும். எண் இல்லாத கட்டத்தில் எத்தனை கோடு வேண்டுமானாலும் வரலாம். ஜப்பானின் நிகோலி இதழில் 1989-இல் முதலில் வெளிவந்த புதிர் இது. விதிகள் அன்றிலிருந்து இவ்வளவுதான்.

கோடு வராது என்று உறுதியான பக்கத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவது வழக்கம். கீழே "பெருக்கல்" என்று நான் சொல்வதெல்லாம் அதுதான்.

எல்லாரும் மூலையிலிருந்து தொடங்கச் சொல்கிறார்களே, மூலையில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் அந்தப் புள்ளி வழியாகப் போனால், ஒரு கோடு உள்ளே வரும், ஒரு கோடு வெளியே போகும். போகவில்லை என்றால் அங்கே கோடே இல்லை. ஆக, எந்தப் புள்ளியிலும் 0 கோடு அல்லது 2 கோடு. 1 வராது, 3 வராது, 4 வராது.

நடுவில் உள்ள புள்ளிக்கு நான்கு வழிகள். அதனால் 2 கோடு வருவதற்கே ஆறு விதம் உண்டு. ஓரத்துப் புள்ளிக்கு மூன்று வழிகள். மூலைப் புள்ளிக்கோ இரண்டே வழிகள்தான். இரண்டில் ஒன்றில் கோடு போட்டால் மற்றதிலும் போட்டாக வேண்டும், ஒன்றில் பெருக்கல் போட்டால் மற்றதிலும் பெருக்கல். இரண்டும் உண்டு, இல்லையென்றால் இரண்டும் இல்லை. வேறு பேச்சே கிடையாது.

இந்தப் பக்கத்தில் இனி வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவைதான். மூலை வடிவங்களைப் படம் படமாக மனப்பாடம் செய்வதை விட, "இந்தப் புள்ளிக்கு எத்தனை வழி மிச்சம்?" என்று கேட்டுப் பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மூலையில் 3 இருந்தால் எந்தக் கோடுகள் நிச்சயம்?

வெளிப்பக்கம் இரண்டும். 3 என்றால் நான்கு பக்கத்தில் ஒரே ஒரு பக்கம்தான் காலி. மூலைப் புள்ளியைத் தொடும் இரண்டு பக்கங்களும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். அவை போனால் கட்டத்தில் இரண்டு பக்கம்தான் மிஞ்சும், 3 நிறையாது. அதனால் அவை இரண்டும் கோடு.

உள்பக்கம் இரண்டில் ஒன்று கோடு, ஒன்று காலி. எது என்று இப்போது தெரியாது. ஆனால் "சரியாக ஒன்று" என்பதே பெரிய தகவல், அதைப் பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். அது கொஞ்சம் கீழே வருகிறது.

மூலையில் 0 இருந்தால் நாலு பெருக்கல் போடுவதோடு வேலை முடிந்ததா?

முடியவில்லை, ஆறு பெருக்கல் போடலாம். இடது மேல் மூலையில் 0 என்று வைத்துக்கொள்வோம். கட்டங்களை வரிசை, நிரல் என்ற கணக்கில் (1,1), (1,2) என்று குறிக்கிறேன். முதல் எண் மேலிருந்து எத்தனையாவது வரிசை, இரண்டாவது எண் இடமிருந்து எத்தனையாவது கட்டம்.

(1,1)-இல் 0. அதன் நான்கு பக்கமும் பெருக்கல். இப்போது மேல் ஓரத்தில் (1,1)-க்கும் (1,2)-க்கும் நடுவில் உள்ள புள்ளியைப் பாருங்கள். ஓரத்துப் புள்ளி என்பதால் அதற்கு மூன்று வழிகள்: இடது, வலது, கீழ். இடதும் கீழும் 0-வின் பக்கங்கள், இரண்டும் அடைபட்டுவிட்டன. மிஞ்சியது வலது மட்டும். ஒரே வழி உள்ள புள்ளிக்குள் கோடு நுழைந்தால் வெளியே போக இடம் இல்லை. அதனால் (1,2)-வின் மேல்பக்கமும் பெருக்கல். இதே மாதிரி (2,1)-இன் இடப்பக்கமும் பெருக்கல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்ததுதான். அந்த ஐந்தாவது பெருக்கல் மேல் ஓரத்தில் அடுத்த புள்ளியை, அதாவது (1,2)-க்கும் (1,3)-க்கும் நடுவில் இருப்பதை, எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். அதற்கு இடது வழி போய்விட்டது. கீழும் வலதும்தான் மிச்சம். இரண்டே வழி! அதாவது அது இப்போது ஒரு மூலைப் புள்ளி மாதிரியே நடந்துகொள்ளும். ஆகவே (1,3)-இல் 3 இருந்தால், மூலையில் இருக்கும் 3-க்குச் சொன்ன நியாயம் அப்படியே பொருந்தும்: அதன் மேல்பக்கமும் இடப்பக்கமும் கோடு. (1,3)-இல் 1 இருந்தால் அந்த இரண்டு பக்கமும் பெருக்கல்.

0 ஓரத்தில் எங்கே இருந்தாலும் இந்தத் தர்க்கம் செல்லும், மூலையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

0-வுக்கு மூலைவாட்டில் 3 இருந்தால்?

உடனே இரண்டு கோடு. (1,1)-இல் 0, (2,2)-இல் 3 என்றால், இரண்டு கட்டமும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிக்கு நான்கு வழிகள் இருந்தன. மேலே போவதும் இடது பக்கம் போவதும் 0-வின் பக்கங்கள், அடைபட்டுவிட்டன. மிஞ்சிய இரண்டும் 3-இன் மேல்பக்கமும் இடப்பக்கமும். மறுபடியும் ஒரு மூலைப் புள்ளி! 3-க்கு இரண்டையும் இழக்க முடியாது, எனவே இரண்டும் கோடு.

இதற்கும் மூலை தேவையில்லை. கட்டத்தின் நடுவில் 0-வும் 3-உம் மூலைவாட்டில் தொட்டாலும் இதே முடிவுதான். பெரிய புதிரைக் கையில் எடுத்ததும் நான் முதலில் கண்ணால் தேடுவது இந்த ஜோடியைத்தான்.

0-வுக்கு நேர் பக்கத்திலேயே 3 வந்தால் என்ன செய்வது?

நடுவில் என்றால் விருந்துதான். பொதுப் பக்கம் பெருக்கல், 3-இன் மற்ற மூன்று பக்கமும் கோடு. அப்புறம் பொதுப் பக்கத்தின் இரண்டு முனைகளையும் பாருங்கள். 3-இன் கோடு அந்த முனைக்கு வந்து சேர்கிறது, 0-வின் பக்கமாக நேரே நீள முடியாது, பொதுப் பக்கத்திலும் போக முடியாது. பொதுப் பக்கத்தின் நேர்கோட்டில் வெளிப்புறமாகத் திரும்புவது ஒன்றுதான் வழி. ஆக இரண்டு முனைகளிலும் இரண்டு கட்டங்களுக்கும் வெளியே ஒவ்வொரு கோடு கூடுதலாகக் கிடைக்கும். மொத்தம் ஐந்து கோடுகள்.

ஆனால் மூலையில் 0 இருந்து அதை ஒட்டி 3 இருந்தால், அந்தப் புதிரே தவறு. (1,2)-இல் 3 என்று வைத்துப் பாருங்கள்: இடப்பக்கம் 0-வால் போயிற்று, மேல்பக்கம் மேலே சொன்ன ஐந்தாவது பெருக்கலால் போயிற்று. இரண்டு பக்கத்தில் மூன்று கோடு எப்படி வரும்? எண்ணைத் தவறாகப் படித்திருப்பீர்கள், அல்லது அச்சுப் பிழை.

மூலையில் இருக்கும் 3-க்கு மூலைவாட்டில் இன்னோர் எண் இருந்தால் ஏதாவது கிடைக்குமா?

நிறையவே கிடைக்கும். "உள்பக்கம் இரண்டில் சரியாக ஒன்று கோடு" என்றோமே, அது இங்கேதான் வேலைக்கு வருகிறது.

(1,1)-இல் 3. அதன் உள்பக்கங்கள் இரண்டும் (2,2)-ஐத் தொடும் புள்ளியில் சந்திக்கின்றன. அவற்றில் சரியாக ஒன்று கோடு என்பதால், எந்தப் பக்கமாக வந்தாலும் அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு வந்து சேர்வது நிச்சயம். வந்தது வெளியேறியாக வேண்டும். வெளியேற இருப்பவை (2,2)-வின் மேல்பக்கமும் இடப்பக்கமும் மட்டுமே. எனவே அந்த இரண்டிலும் சரியாக ஒன்று கோடு.

இப்போது (2,2)-இல் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால், அந்த ஒரு கோடு அருகு பக்கத்திலேயே செலவாகிவிட்டது, எனவே தூரத்துப் பக்கங்கள் இரண்டும் (வலமும் கீழும்) பெருக்கல். 3 என்றால், அருகில் ஒன்று போக இரண்டு மிச்சம், தூரத்துப் பக்கங்கள் இரண்டும் கோடு. அங்கே (2,2) என்ற கட்டத்தின் தூரத்துப் புள்ளி நிறைந்துவிடுவதால், அதிலிருந்து வெளியே போகும் மற்ற இரண்டு வழிகளிலும் பெருக்கல்.

2 என்றால்? அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று. எது என்று தெரியாது. ஏமாற்றமாகத் தோன்றலாம், ஆனால் பாருங்கள், தூரத்துப் பக்கங்களில் சரியாக ஒன்று என்றால் அங்குள்ள புள்ளிக்கும் ஒரு கோடு வந்து சேர்கிறது, அது (3,3)-க்குள் போயாக வேண்டும். அதாவது 2 அந்தச் செய்தியை அப்படியே அடுத்த கட்டத்துக்குக் கடத்திவிடுகிறது. மூலையில் 3, அப்புறம் மூலைவாட்டில் 2, 2, 2 என்று வரிசையாக வந்து கடைசியில் ஒரு 3 நின்றால், அந்தக் கடைசி 3-இன் தூரத்துப் பக்கங்கள் இரண்டும் கோடு. நடுவில் எந்த 2-விலும் ஒரு கோடு கூடத் தெரியாமலே இது கிடைக்கிறது.

ஒரு புதிரை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள், அப்போதுதான் புரியும்.

சரி. நான்குக்கு நான்கு, ஏழே எண்கள்:

```
+   +   +   +   +
  0           3
+   +   +   +   +
      3   1
+   +   +   +   +
              2
+   +   +   +   +
  3           3
+   +   +   +   +
```

முதல் சுற்றில் எதையும் யோசிக்க வேண்டாம், மேலே சொன்னவற்றை அப்படியே போடலாம். மூலை 0-வுக்கு ஆறு பெருக்கல். மூன்று மூலை 3-களுக்கும் வெளிப்பக்கக் கோடுகள். (2,2)-இல் உள்ள 3, 0-வுக்கு மூலைவாட்டில் இருப்பதால் அதன் மேலும் இடதும் கோடு. (2,3)-இல் உள்ள 1, வலது மேல் மூலையின் 3-க்கு மூலைவாட்டில் இருக்கிறது. அந்த மூலையிலிருந்து பார்த்தால் அதன் தூரத்துப் பக்கங்கள் இடதும் கீழும், இரண்டும் பெருக்கல். இப்போது நிலைமை:

```
+ x + x +   +---+
x 0 x         3 |
+ x +---+   +   +
x   | 3 x 1
+   +   + x +   +
              2
+   +   +   +   +
| 3           3 |
+---+   +   +---+
```

(2,2)-வின் வலப்பக்கம் அடைபட்டுவிட்டதால் அதன் கீழ்ப்பக்கம் கோடு. இதனால் (2,2)-வின் இடது கீழ்ப் புள்ளி நிறைந்துவிட்டது. அதன் இடதுபுற வழியும் கீழ்ப்புற வழியும் பெருக்கல். வலது கீழ்ப் புள்ளியில் மேலும் வலதும் பெருக்கல் என்பதால் கோடு கீழே இறங்க வேண்டும், அதாவது (3,2)-வின் வலப்பக்கம் கோடு.

இடது கீழ் மூலையின் 3-ஐப் பாருங்கள். அதற்கு மூலைவாட்டில் இருப்பது (3,2). அங்கே எண் எதுவும் இல்லை, ஆனாலும் அருகு பக்கங்களான இடதிலும் கீழிலும் சரியாக ஒன்று கோடு. இடது இப்போதுதான் அடைபட்டது. எனவே கீழ்ப்பக்கம் கோடு. எண் இல்லாத கட்டத்தில் மூலை 3 ஒரு கோட்டைத் தீர்மானித்துவிட்டது!

இடது ஓரத்துக்கு வருவோம். (2,1)-இன் இடமும் கீழும் பெருக்கல். அவை சந்திக்கும் ஓரப் புள்ளிக்கு ஒரே வழிதான் மிச்சம், எனவே (3,1)-இன் இடப்பக்கமும் பெருக்கல். மூலை 3-இன் இடப்பக்கக் கோடு மேலே போக முடியாமல் வலப்புறம் திரும்ப வேண்டும்: (4,1)-இன் மேல்பக்கம் கோடு, அதன் வலப்பக்கம் பெருக்கல். அப்புறம் கீழ் ஓரத்துக் கோடு (4,2)-வின் அடியில் நீள்கிறது.

(3,2)-வின் வலது கீழ்ப் புள்ளி நிறைந்துவிட்டது, அதன் வலப்புற வழியும் கீழ்ப்புற வழியும் பெருக்கல். அதனால் கீழ் ஓரத்துக் கோடு நிற்காமல் (4,3)-இன் அடியிலும் ஓடி, வலது கீழ் மூலையின் 3-இன் அடிக்கோட்டோடு சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேரும் புள்ளி நிறைந்துவிட்டதால் (4,4)-இன் இடப்பக்கம் பெருக்கல், ஆக மேல்பக்கம் கோடு. அதன் வலது முனையில், ஓரத்தில், இரண்டு கோடு ஆகிவிட்டது: (3,4)-இன் வலப்பக்கம் பெருக்கல். இடது முனையில் இடதும் கீழும் அடைபட்டிருப்பதால் கோடு மேலே ஏறுகிறது: (3,4)-இன் இடப்பக்கம் கோடு.

இப்போதுதான் (3,4)-இல் உள்ள 2 பேசுகிறது. இடதும் கீழும் சேர்ந்து இரண்டு ஆயிற்று, மேல்பக்கம் பெருக்கல். கோடு நேரே மேலேறி (2,3)-இன் வலப்பக்கமாகிறது. 1 நிறைந்துவிட்டது, அதன் மேல்பக்கம் பெருக்கல். மேலே போய் வலப்புறம் திரும்பி மூலை 3-இன் அடிக்கோட்டில் முடிகிறது. ஏன் வலப்புறம்? (2,4)-இன் கீழும் (3,4)-இன் வலமும் பெருக்கல் என்பதால் (2,4)-இன் வலப்பக்கமும் போயிற்று, மூலை 3-இன் வலக்கோட்டுக்கு வேறு வழி இல்லை. மிச்சம் தானாகச் சேர்ந்துவிடும்:

```
+   +   +---+---+
  0     |     3 |
+   +---+   +---+
    | 3   1 |
+   +---+   +   +
        |   | 2
+---+---+   +---+
| 3           3 |
+---+---+---+---+
```

அந்த 2-ஐ எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். வலது மேல் பகுதியில் இன்னொரு விடையும் சரியாக வரும். ஓர் எண் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஓரத்தில், ஆனால் மூலையில் இல்லாமல், 3 இருந்தால்?

தனியாக எதுவும் கிடைக்காது. "3 ஓரத்தில் இருக்கிறதே, வெளிப்பக்கம் கோடுதானே" என்று போட்டுவிடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஓரத்துப் புள்ளிகளுக்கு மூன்று வழிகள் உண்டு, எனவே அந்த 3-இன் காலிப் பக்கம் வெளிப்பக்கமாகவும் இருக்கலாம். அருகில் ஏதாவது பெருக்கல் வந்து அந்தப் புள்ளியை இரண்டு வழியாகச் சுருக்கும் வரை காத்திருங்கள்.

மூலையில் 1 அல்லது 2 இருந்தால்?

1 என்றால் வெளிப்பக்கம் இரண்டும் பெருக்கல். இரண்டும் சேர்ந்து வந்தால் எண்ணிக்கை மீறிவிடும். 2 என்றால் கட்டத்துக்குள் எதுவும் நிச்சயமில்லை, ஆனால் ஓரத்தில் இரு புறமும் அடுத்த கட்டத்தின் வெளிப்பக்கம் கோடுதான். வெளிப்பக்கம் இரண்டும் கோடு என்றாலும், உள்பக்கம் இரண்டும் கோடு என்றாலும், வளையம் அந்த வழியாகத்தான் நீள முடியும். இரண்டையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று அடையாளங்கள் உண்டு. ஒரு கோடு வந்து முட்டி நிற்கும் புள்ளியில் மற்ற எல்லா வழியும் பெருக்கலாக இருக்கும். அல்லது ஓர் எண்ணுக்குத் தேவையான பக்கங்கள் மிச்சம் இருக்காது. அல்லது எண்கள் சில தொடப்படாமல் இருக்கும்போதே ஒரு சின்ன வளையம் மூடிக்கொள்ளும்.

பிழை பெரும்பாலும் முட்டி நிற்கும் இடத்தில் இருக்காது, பல படி முன்னால் இருக்கும். அதனால் அந்த இடத்திலேயே அழித்து அழித்துப் பார்ப்பது வீண். மூலைக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு கோட்டுக்கும் "இது ஏன் வந்தது?" என்று கேளுங்கள். 0-வும் 3-உம் தந்த முதல் கோடுகளுக்கு உடனே காரணம் சொல்ல முடியும். காரணம் சொல்ல முடியாத முதல் கோடு எதுவோ அதிலிருந்து அழிக்கத் தொடங்குங்கள்.

மூலைகளில் 0-வும் இல்லை, 3-உம் இல்லை. எங்கே தொடங்குவது?

முதலில் மூலைவாட்டில் தொடும் 0, 3 ஜோடி நடுவில் எங்காவது இருக்கிறதா பாருங்கள், அது மூலைக்குச் சமம். அடுத்து பக்கம் பக்கமாக ஒட்டி நிற்கும் இரண்டு 3-கள். அவற்றின் பொதுப் பக்கமும், அதற்கு இணையாக இரு கோடியில் உள்ள பக்கங்களும் கோடு. இல்லையென்றால் இரண்டு கட்டத்தையும் மட்டும் சுற்றி வளையம் மூடிக்கொள்ளும். புதிரில் வேறு எண்கள் இருக்கும்போது அது நடக்க முடியாது. இவை எதுவும் இல்லாவிட்டால் ஓரத்தில் உள்ள 0-வைப் பிடியுங்கள். அதன் ஐந்தாவது, ஆறாவது பெருக்கலைப் போட்டுவிட்டு, இரண்டே வழி மிஞ்சிய புள்ளி எந்த எண்ணைத் தொடுகிறது என்று பாருங்கள்.